கப்பல் வரும் நாள் வேறு, ஃப்ரீ டேஸ் தொடங்கும் நாள் வேறு

‘கப்பல் வியாழக்கிழமை வருகிறது. ஏழு நாள் ஃப்ரீ. அடுத்த வியாழன் வரை கவலையில்லை.’ முதல்முறை கன்டெய்னரில் சரக்கு இறக்குமதி செய்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். இதில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ‘வருகிறது’ என்றால் துறைமுகத்துக்கு வெளியே வந்து நிற்பதா, கரையோடு சேர்வதா, உங்கள் பெட்டி தரையில் இறங்குவதா? வாடகையில்லாத அந்த ஏழு நாள் என்பது காலண்டர் நாளா, வேலை நாளா? அந்த ஏழு நாளைக் கொடுத்தது பெட்டியைக் கொண்டுவரும் ஷிப்பிங் லைனா, அது இறங்கும் டெர்மினலா? மூன்றுக்கும் விடை தெரியாமல் போடும் கணக்கு நாலைந்து நாள் பிசகுவது சாதாரணம். அந்த நாலைந்து நாளுக்கும் தினசரி வாடகை விழும்.

முதலில் கப்பல் எப்போது வரும் என்பதைப் பார்ப்போம்.

கடல் தூரத்தை நாட்டிக்கல் மைலில் அளப்பார்கள். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர். கப்பலின் வேகத்தை ‘நாட்’ என்ற அலகில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல். எரிபொருளை மிச்சப்படுத்த இன்று கன்டெய்னர் கப்பல்கள் பெரும்பாலும் 14 முதல் 18 நாட் வேகத்தில்தான் ஓடுகின்றன. ஆகவே கணக்கு இவ்வளவுதான்:

```
பயண நாட்கள் = தூரம் ÷ (வேகம் × 24)
```

சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்கு சூயஸ் கால்வாய் வழியாகச் சுமார் 8,300 நாட்டிக்கல் மைல். 16 நாட் வேகத்தில் ஒரு நாளைக்கு 384 மைல் ஓடினால் ஏறக்குறைய 22 நாள். அதே பயணம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போனால் சுமார் 11,800 மைல், 31 நாள். 2023 இறுதியில், சூயஸுக்குப் போகும் வழியில் உள்ள செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல ஷிப்பிங் லைன்கள் இந்த நீண்ட வழிக்கு மாறின. கப்பலும் துறைமுகங்களும் அதேதான், பாதை மட்டும் மாறியது; ஒன்பது நாள் கூடிவிட்டது. பழைய ஷிப்மென்ட்டின் நாட்களை வைத்துப் புதியதைக் கணிப்பதற்கு முன் கப்பல் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு தருவது கப்பல் ஓடும் நாட்களை மட்டும்தான். நடுவில் அது மூன்று நான்கு துறைமுகங்களில் நின்று பெட்டிகளை ஏற்றி இறக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒன்று அல்லது இரண்டு நாள் போகும். ஷிப்பிங் லைனின் அட்டவணையில் இந்த நிறுத்தங்கள் சேர்ந்தே இருக்கும். ஒரு துறைமுகத்தில் தாமதமானால் அந்தத் தாமதம் அடுத்தடுத்த துறைமுகங்களுக்கும் போகும் என்பதால், உங்கள் ஊருக்கு முந்தைய துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பிவிட்டதா என்பதுதான் மிகவும் நம்பத்தக்க தகவல். அதற்கு முன் திரையில் காட்டும் தேதி வெறும் திட்டம்.

கணிப்பை அதிகம் கெடுப்பது டிரான்ஷிப்மென்ட். உங்கள் பெட்டியை ஒரு கப்பல் நடுவில் ஒரு பெரிய துறைமுகத்தில் இறக்கிவிடும். இன்னொரு கப்பல் வந்து எடுத்துக்கொண்டு போகும். சரக்கை ஏற்றிக்கொண்டதற்கு லைன் கொடுக்கும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் பெரும்பாலும் முதல் கப்பலின் பெயர்தான் இருக்கும். புதியவர்கள் அந்தப் பெயரை வைத்து வரைபடத்தில் தேடி, ‘கப்பல் எங்கேயோ வேறு கண்டத்துக்குப் போகிறதே’ என்று பதறுவார்கள். கப்பல் சரியாகத்தான் போகிறது. பெட்டி அதில் இல்லை. அதனால் கப்பலின் பெயரை விட்டுவிட்டு, கன்டெய்னர் எண்ணைத் தேடுங்கள். நான்கு எழுத்து, ஏழு இலக்கம் கொண்ட அந்த எண்ணை லைனின் இணையதளத்தில் போட்டால், பெட்டி எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, அடுத்து எந்தக் கப்பலில் ஏற இருக்கிறது என்ற வரிசை வரும்.

இரண்டாவது கப்பல் வாரம் ஒருமுறை வருவதாக இருந்தால், இணைப்பு ஒருநாள் தவறினாலும் ஒரு வாரம் போய்விடும். ஆகவே டிரான்ஷிப்மென்ட் உள்ள சரக்குக்கு ஒரே தேதியை நம்பி லாரியையும் குடோனையும் ஏற்பாடு செய்யக்கூடாது. ‘20ஆம் தேதி, தவறினால் 27’ என்று இரண்டு தேதிகளையும் எழுதி வைத்துக்கொண்டு, நடுத் துறைமுகத்தில் பெட்டி இரண்டாவது கப்பலில் ஏறியது என்ற பதிவு வந்தபின் ஒன்றை அடித்துவிட வேண்டும்.

கப்பல் நெருங்கி வரும்போது, அது தன் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். சமிக்ஞையைக் காட்டும் இணையதளங்கள் உதவும். ஆனால் கப்பல் அனுப்பும் அந்தச் செய்தியில் இருக்கும் வருகை நேரத்தைக் கப்பலில் இருப்பவர்கள் கையால்தான் பதிகிறார்கள். அதை மாற்ற மறந்துவிடுவதும் உண்டு. அது உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் இருக்கும், உங்கள் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தேதியே மாறலாம். முக்கியமாக, அது பெரும்பாலும் கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட் துறைமுகத்துக்கு வெளியே ஏறும் இடத்துக்கான நேரம். அங்கே வந்தபின், கப்பலைக் கரையோடு கட்டும் இடமான பெர்த் காலியில்லை என்றால் கப்பல் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். வரைபடத்தில் கப்பல் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வேகம் பூஜ்யத்தோடு நின்றால், அது வந்துவிட்டது. உங்கள் பெட்டி வரவில்லை.

பெர்த்தில் கட்டிய பிறகும் பெட்டி உடனே இறங்காது. ஒரு பெரிய கப்பலை இறக்கி ஏற்ற ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். உங்கள் பெட்டி எந்த அடுக்கில், எந்த வரிசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து முதல் மணி நேரத்திலும் இறங்கலாம், கடைசியிலும் இறங்கலாம். அது இறங்கிய கணத்தை டெர்மினல் பதிந்துகொள்ளும். திரையில் `Discharged` என்று வருவது அதுதான். பெரும்பாலான இடங்களில் ஃப்ரீ டேஸ் கணக்கு இந்தப் பதிவிலிருந்துதான் தொடங்குகிறது. சில டெர்மினல்கள் கப்பலின் கடைசிப் பெட்டி இறங்கி முடிந்த பிறகு எண்ணத் தொடங்கும். அது உங்களுக்கு லாபம். சில லைன்கள் கப்பல் வந்த நாளையே எடுத்துக்கொள்ளும், அது நஷ்டம். எது பொருந்தும் என்பது அவர்களது கட்டண அட்டவணையில் ஒரு வரியாக எழுதியிருக்கும். அந்த வரியைத் தேடிப் படிப்பதில் செலவிடும் பத்து நிமிடம் வீண்போகாது.

இனி அந்தக் கடிகாரங்களுக்கு வருவோம். ஒன்றல்ல, மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன.

பெட்டி டெர்மினலின் இடத்தில் நிற்கிறது. அந்த இடத்துக்கான வாடகை ஸ்டோரேஜ், சில இடங்களில் கிரவுண்ட் ரென்ட் என்பார்கள். இது டெர்மினலுக்குப் போகிறது. பெட்டி ஷிப்பிங் லைனுடையது. சரக்கோடு அது துறைமுகத்திலேயே முடங்கிக் கிடப்பதற்கு லைன் கேட்பது டெமரேஜ். பெட்டி கேட்டைத் தாண்டி வெளியே போனபின், காலியாகத் திரும்பி வரும்வரை அதை வைத்திருப்பதற்கு லைன் கேட்பது டிடென்ஷன். லைன் ‘ஏழு நாள் ஃப்ரீ’ என்று சொன்னால் அது பெரும்பாலும் டெமரேஜுக்கு மட்டும் சொன்னது. டெர்மினலின் ஃப்ரீ டேஸ் வேறு எண்ணிக்கையாக இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும் என்று நினைக்கக்கூடாது. சில நாடுகளில் லைனே டெர்மினலின் வாடகையையும் சேர்த்து ஒரே பில்லாக வாங்கிக்கொள்ளும். அங்கே உங்களுக்கு ஒரு கடிகாரம்தான் தெரியும். உங்கள் துறைமுகம் எந்த வகை என்பதை, சுங்க வேலைகளைப் பார்த்துத்தரும் கிளியரிங் ஏஜென்ட்டிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

ஒரு 40 அடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு முழுக்கணக்கும் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கானவை, நாட்களின் கிழமை 2025 காலண்டர்படி.

முதல் கப்பல் மார்ச் 3, திங்கள் இரவு 10 மணிக்குக் கிளம்புகிறது. நடுத் துறைமுகம் 1,600 மைல். 15 நாட் வேகத்தில் நாளுக்கு 360 மைல், ஆக நாலரை நாள். சனிக்கிழமை, மார்ச் 8 காலையில் அங்கே சேர்கிறது. இரண்டாவது கப்பல் புதன்கிழமைதோறும் கிளம்பும். மார்ச் 12 மாலையில் அதில் ஏறி, 2,900 மைல் ஓடினால் எட்டு நாள். மார்ச் 20, வியாழன் இரவில் உங்கள் துறைமுகத்துக்கு வெளியே வந்து நிற்கும். கப்பல் வருவதைச் சொல்லி லைன் அனுப்பும் அரைவல் நோட்டீஸில் இருக்கும் தேதி இந்த மார்ச் 20தான். பெர்த் கிடைக்க ஒரு நாள் ஆகிறது. வெள்ளி மாலை கப்பலைக் கட்டுகிறார்கள். உங்கள் பெட்டி சனிக்கிழமை, மார்ச் 22 இரவு 10.40க்கு இறங்குகிறது.

லைனின் விதி: டெமரேஜ் ஏழு காலண்டர் நாள், இறங்கிய மறுநாளிலிருந்து. அப்படியானால் முதல் நாள் ஞாயிறு 23, ஏழாவது நாள் சனி 29. லைனின் கடைசி ஃப்ரீ டே மார்ச் 29.

டெர்மினலின் விதி: நான்கு காலண்டர் நாள், இறங்கிய நாளும் சேர்த்து. இங்கேதான் அந்த இரவு 10.40 வேலையைக் காட்டுகிறது. நள்ளிரவுக்கு எண்பது நிமிடம் முன்னால் இறங்கியதால் சனிக்கிழமை முழுவதும் ஒரு நாளாகக் கழிந்துவிட்டது. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். டெர்மினலின் கடைசி ஃப்ரீ டே மார்ச் 25. சனி ஞாயிறு வங்கியும் அலுவலகமும் மூடியிருக்கும் இடம் என்றால், நான்கு நாள் என்று சொன்னதில் உங்கள் கைக்கு வருவது திங்களும் செவ்வாயும் மட்டும்தான். சுங்கத் தாக்கல், வரி கட்டுதல், பெட்டியை விடுவிக்க லைனிடம் டெலிவரி ஆர்டர், லாரி என எல்லாம் அந்த இரண்டு நாளுக்குள் முடிய வேண்டும். சுங்கத் தாக்கலைக் கப்பல் வருவதற்கு முன்பே செய்ய அனுமதிக்கும் இடங்களில் அதை முன்கூட்டியே முடித்துவிடும்படி அனுபவசாலிகள் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

லைன் ‘ஏழு வேலை நாள்’ என்று சொல்லியிருந்தால், சனி ஞாயிறைக் கழித்து ஏப்ரல் 1 வரை போயிருக்கும். ஞாயிறை மட்டும் கழிக்கும் இடம் என்றால் மார்ச் 31. ஒரே ‘ஏழு’ என்ற எண் மார்ச் 29, 31, ஏப்ரல் 1 என்று மூன்று தேதிகளைத் தருகிறது. எண்ணிப் பார்ப்பதில் விரல் தவறும். விரிதாளில் போடுவது நல்லது. பெட்டி இறங்கிய தேதி A2 கட்டத்திலும், அரசு விடுமுறைகள் H2 முதல் H10 வரையும் இருந்தால்:

```
=A2+7                            காலண்டர் நாள், மறுநாளிலிருந்து
=A2+4-1                          காலண்டர் நாள், இறங்கிய நாளும் சேர்த்து
=WORKDAY(A2,7,H2:H10)            சனி, ஞாயிறு கழித்து
=WORKDAY.INTL(A2,7,11,H2:H10)    ஞாயிறு மட்டும் கழித்து
```

A2வில் தேதியை மட்டும் போடுங்கள், மணியைச் சேர்க்காதீர்கள். கிடைக்கும் தேதிதான் இலவசமான கடைசி நாள். அன்றைக்குள் பெட்டி கேட்டைத் தாண்ட வேண்டும். லாரி வந்து வரிசையில் நின்றால் போதாது.

இப்போது தாமதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி மார்ச் 31, திங்களன்று வெளியே போகிறது. டெர்மினலுக்கு 26 முதல் 31 வரை ஆறு நாள் வாடகை. லைனுக்கு 30, 31 என இரண்டு நாள் டெமரேஜ். டெர்மினலின் கட்டணம் படிப்படியாக ஏறும்: முதல் மூன்று நாள் ஒரு மடங்கு, அதன்பின் இரண்டு மடங்கு என்றால், ஆறு நாளைக்கு 3 + 6 = ஒன்பது மடங்கு. பல இடங்களில் கட்டணம் 20 அடி அளவை வைத்தே எழுதியிருக்கும். 40 அடிப் பெட்டி இரண்டாகக் கணக்காகும், ஆகவே பதினெட்டு மடங்கு. ஆறு நாள்தானே என்று நினைத்தவர் கையில் பதினெட்டு நாள் வாடகைக்கான பில். குளிரூட்டிய பெட்டிகளுக்கு ஃப்ரீ டேஸ் இன்னும் குறைவு, மின்சாரக் கட்டணம் தனி.

இன்னொரு விதியும் பலரைத் திடுக்கிட வைக்கிறது. ஃப்ரீ டேஸை எண்ணும்போது வேலை நாளை மட்டும் எண்ணினாலும், அது முடிந்து கட்டணம் தொடங்கியபின் விடுமுறை நாளுக்கும் கட்டணம் உண்டு என்பது பரவலான வழக்கம். மேலும் சில டெர்மினல்களில், ஃப்ரீ டேஸைத் தாண்டிவிட்டால் அந்த இலவச நாட்களும் சேர்ந்து முதல் நாளிலிருந்தே வாடகை போட்டுவிடுவார்கள். அங்கே ஒருநாள் தாமதம் என்பது ஒருநாள் செலவு அல்ல. இந்த விதி இருக்கிறதா என்று தெரிந்துகொண்டால், கடைசி நாளன்று கூடுதல் பணம் கொடுத்தாவது லாரியை வரவழைப்பது லாபமா என்று உடனே முடிவு செய்யலாம்.

சுங்கம் பெட்டியைப் பரிசோதனைக்கு நிறுத்திவைத்தால் கடிகாரம் நிற்குமா? பெரும்பாலும் நிற்காது. பரிசோதனை முடிந்தபின் சலுகை கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குச் சுங்கம் நிறுத்திய தேதியும் விடுவித்த தேதியும் எழுத்தில் வேண்டும். அதேபோல் டெர்மினலில் லாரிக்கு நேரம் கிடைக்காமல் ஒருநாள் போனால், ‘இடமில்லை’ என்று காட்டிய திரையை அப்போதே படமெடுத்து வையுங்கள். அடுத்த வாரம் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பெட்டி வெளியே வந்துவிட்டால் டிடென்ஷன் தொடங்குகிறது. நம் உதாரணத்தில் ஐந்து நாள் ஃப்ரீ, கேட்டைத் தாண்டிய நாளும் சேர்த்து. மார்ச் 31லிருந்து எண்ணினால் ஏப்ரல் 4, வெள்ளிக்குள் காலிப் பெட்டி, அவற்றை வைக்கும் இடமான டிப்போவுக்குத் திரும்ப வேண்டும். சரக்கை இறக்கியதோடு வேலை முடிந்ததாக நினைத்து, காலிப் பெட்டியை குடோன் வாசலில் மறந்துவிடுபவர்கள் உண்டு. பெட்டியை எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. லைன் சொல்லும் டிப்போ மாறிக்கொண்டே இருக்கும், சில நாள் அங்கே இடமிருக்காது. லாரி கிளம்புவதற்கு முன் எந்த டிப்போ என்று லைனிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சில லைன்கள் டெமரேஜையும் டிடென்ஷனையும் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொடுக்கும். ஏழும் ஐந்தும் சேர்ந்து பன்னிரண்டு நாள் என்றால் மார்ச் 23லிருந்து எண்ணி ஏப்ரல் 3. உள்ளே எத்தனை நாள், வெளியே எத்தனை நாள் என்பது உங்கள் இஷ்டம். இதில் மார்ச் 31 அன்று வெளியே எடுத்தவருக்கு டெமரேஜ் ஒரு நாள்கூட விழாது. காலிப் பெட்டியைத் திருப்ப அன்றையும் சேர்த்து நான்கு நாள் மிச்சமிருக்கும். துறைமுகத்தில் இழுத்தடிக்கும் என்று தெரிந்தால் சேர்த்துக் கொடுப்பதையே நான் கேட்டு வாங்கச் சொல்வேன். ஆனால் டெர்மினலின் வாடகை தனியாக இருக்கும் இடத்தில் இந்தத் தொகுப்பு அதைத் தொடாது. அங்கே மார்ச் 25 மாறாமல் அப்படியே நிற்கும்.

கூடுதல் ஃப்ரீ டேஸ் கேட்பதற்கான நேரம், சரக்கைக் கப்பலில் புக் செய்யும்போது. அப்போது லைனுக்கு உங்கள் சரக்கு வேண்டும். 14 நாள், சில சமயம் 21 நாள்கூடக் கொடுப்பார்கள். பெட்டி வந்து நின்றபின் கேட்டால் பேசுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது. சரக்கை விற்பவர் தரப்புதான் ஃபிரெய்ட்டை புக் செய்கிறது என்றால் அவரிடமே சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தது புக்கிங் கன்ஃபர்மேஷனிலோ பில் ஆஃப் லேடிங்கிலோ எழுத்தில் வர வேண்டும்: எத்தனை நாள், எந்த வகை, தனித்தனியா சேர்த்தா, காலண்டர் நாளா வேலை நாளா. டெலிபோனில் ‘பார்த்துக்கலாம்’ என்று சொன்னதை இறங்கும் துறைமுகத்தின் லைன் அலுவலகம் அறியாது. அவர்கள் தங்கள் அட்டவணையைத்தான் பார்ப்பார்கள். லைன் கொடுக்கும் கூடுதல் நாட்கள் டெர்மினலைக் கட்டுப்படுத்தாது என்பதையும் அப்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பில் வந்ததும் பணம் கட்டுவதற்கு முன் நான்கு தேதிகளை ஒப்பிடுங்கள்: பெட்டி இறங்கியது, எண்ணத் தொடங்கியது, கடைசி ஃப்ரீ டே, கேட்டைத் தாண்டியது. அதிகம் தவறுவது முதலாவதுதான். இரண்டு நாட்களில் இறக்கிய கப்பலில், உங்கள் பெட்டிக்கான நேரத்தை விட்டுக் கப்பல் கட்டிய தேதியைப் போட்டிருப்பார்கள். நம் உதாரணத்தில் அப்படிப் போட்டால் 22க்குப் பதில் 21 வரும். டெர்மினலின் கடைசி ஃப்ரீ டே 24 ஆகி, வாடகையில் இன்னொரு இரட்டை மடங்கு நாள் ஏறிவிடும். `Discharged` பதிவு இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தால் ஒரே மின்னஞ்சலில் இதைத் திருத்தச் சொல்லலாம். ஆட்சேபத்துக்கு லைன்கள் கெடு வைத்திருப்பார்கள். பில் வந்த அன்றே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.